கோடிட்ட இடத்தில் 'இன்', 'ஆன்', 'அட்': காலத்திற்கு எது, இடத்திற்கு எது?

ஆங்கில வினாத்தாளில் கோடிட்ட இடங்களை நிரப்பும் பகுதிக்கு வந்ததும், 'ஃப்ரம்', 'வித்', 'ஃபார்' போன்ற முன்னிடைச்சொற்களைச் சரியாக எழுதிவிடும் மாணவர்கள்கூட 'இன்', 'ஆன்', 'அட்' மூன்றில் எது என்ற கேள்வியில் நின்றுவிடுகிறார்கள். பெட்டியில் இருக்கிறது, சுவரில் இருக்கிறது, நிலையத்தில் இருக்கிறது என்று மூன்றிற்கும் நாம் ஒரே 'இல்' உருபைச் சேர்த்துப் பழகியிருப்பதே இதற்குக் காரணம். வாக்கியத்தை மனத்திற்குள் தமிழாக்கிப் பார்த்தால் மூன்றும் 'இல்' என்றுதான் வருமே தவிர, எதை எழுதுவது என்பதற்கு விடை வராது. அப்போது மாணவர் காதுக்குப் பழகிய 'இன்' என்பதை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார்.

ஆனால் இந்தச் சிக்கல் இடத்தைக் குறிக்கும் தொடர்களில்தான் முழு அளவில் இருக்கிறது. காலத்தைக் குறிக்கும் தொடர்களில் தமிழ் நம்மைக் கைவிடுவதில்லை; மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் மூன்று வேறு வடிவங்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. எனவே இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு மனப்பாடம் செய்வதைவிட, காலத்தைத் தனியாகவும் இடத்தைத் தனியாகவும் வைத்துக்கொண்டு, காலத்திலிருந்து தொடங்குவது நல்லது.

முதல் படி: கோட்டிற்குப் பின்னால் வரும் தொடரை முழுவதும் படியுங்கள்

கோட்டிற்கு அடுத்த ஒரு சொல்லை மட்டும் பார்த்து விடை எழுதக் கூடாது. அந்தத் தொடர் எங்கே முடிகிறதோ அதுவரை படிக்க வேண்டும். கீழே உள்ள மூன்று வாக்கியங்களிலும் காலைப்பொழுதே பேசப்படுகிறது.

```
She walks to school ___ the morning.
She has a test ___ Monday morning.
She left ___ the morning of 5 June.
```

முதல் வாக்கியத்திற்கு 'இன்' சரி. மற்ற இரண்டிற்கும் 'ஆன்' வர வேண்டும். மூன்றாவது வாக்கியத்தில் 'த மார்னிங்' என்ற சொற்களைக் கண்டதும் கையெழுத்து தானாக 'இன்' என்று ஓடும். தேதி அதற்குப் பிறகுதான் வருகிறது என்பதால், தொடரைக் கடைசிவரை படிக்காதவர் இங்கே தவறாமல் மாட்டிக்கொள்வார். வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் இது தெரியும். இவ்வகைக் கேள்வி அடிக்கடி வருவதற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: காலத் தொடராக இருந்தால், எழுத்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள்

பேச்சுத் தமிழில் 'திங்கக்கிழமை வந்தான்' என்று உருபே இல்லாமல் சொல்லிவிடுகிறோம். ஆகவே சோதனைக்கு எழுத்துத் தமிழ்தான் உதவும். '5 மணிக்கு', 'திங்களன்று', 'ஜூன் மாதத்தில்' என்ற மூன்று வடிவங்களையும் பாருங்கள். கடிகாரம் காட்டும் ஒரு நேரத்திற்கு நாம் 'கு' சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் அங்கே 'அட்' வருகிறது. கிழமைக்கும் தேதிக்கும் 'அன்று' சேர்க்கிறோம். அங்கே 'ஆன்' வருகிறது. ஒரு நாளைவிட நீண்ட மாதம், ஆண்டு, பருவம், நூற்றாண்டு ஆகியவற்றிற்கும், ஒரு நாளின் பகுதிகளான காலை, பிற்பகல், மாலை ஆகியவற்றிற்கும் 'இல்' சேர்க்கிறோம். அங்கே 'இன்' வருகிறது.

இந்த ஒப்புமை பண்டிகைகளில் இன்னும் தெளிவாகத் தெரியும். 'தீபாவளிக்கு ஊருக்குப் போனோம்' என்றால் பண்டிகையை ஒட்டிய சில நாட்களைச் சொல்கிறோம்; ஆங்கிலத்தில் அது 'அட் தீபாவளி'. 'தீபாவளியன்று மழை பெய்தது' என்றால் அந்த ஒரு நாளைத்தான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது 'ஆன் தீபாவளி டே'. கிறிஸ்துமஸுக்கும் இதே வேறுபாடு உண்டு: 'டே' என்ற சொல் பின்னால் இருந்தால் 'ஆன்', பண்டிகைக் காலத்தைப் பொதுவாகச் சொன்னால் 'அட்'. இதைத் தனி விதியாக மனப்பாடம் செய்யும் மாணவர் தேர்வறையில் மறந்துவிடக்கூடும்; 'தீபாவளிக்கு', 'தீபாவளியன்று' என்று சொல்லிப் பார்ப்பவருக்கு மறப்பதற்கு ஒன்றுமில்லை.

தமிழ்ச் சோதனை வழுக்கும் இடங்களும் உண்டு. அவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால்தான் சோதனையை நம்பிப் பயன்படுத்த முடியும். மேலே கண்ட 'திங்கட்கிழமை காலை'தான் அவற்றில் முதன்மையானது. 'திங்கட்கிழமை காலையில்' என்று சொன்னால் 'இல்' வந்துவிடுகிறது. விடையும் 'இன்' என்று தவறாகிவிடுகிறது. இதைத் தடுக்க, தொடரில் கிழமையோ தேதியோ எங்காவது இருக்கிறதா என்று முதலில் தேடி, இருந்தால் அதற்கு 'அன்று' சேர்த்துச் சொல்லுங்கள். 'திங்களன்று காலை', 'ஜூன் 5ஆம் தேதியன்று காலை' என்று இயல்பாக வரும். நாள் பெயர் எங்கே இருந்தாலும் அதுவே முன்னிடைச்சொல்லைத் தீர்மானிக்கிறது. காலை, மாலை, இரவு என்ற பகுதிகள் அதன் பின்னே அடங்கிவிடுகின்றன.

இரண்டாவது வழுக்கல் இரவு. காலைக்கும் மாலைக்கும் 'இன் த' என்று எழுதும் ஆங்கிலம், இரவைப் பொதுவாகச் சொல்லும்போது 'அட் நைட்' என்கிறது. 'இன் த நைட்' என்ற தொடரும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட இரவின் நடுவில் ஏதோ நிகழ்ந்ததைச் சொல்லும்: இரவில் குழந்தை விழித்து அழுதது என்பது போல. வழக்கமாக இரவில் நடப்பதைக் கேட்டால் 'அட்' எழுதுங்கள். 'அந்த நேரத்தில்', 'அந்தக் கணத்தில்', 'தொடக்கத்தில்' ஆகியவையும் தமிழில் 'இல்' பெற்று ஆங்கிலத்தில் 'அட்' பெறுபவை. இவை காலத்தில் ஒரு புள்ளியைச் சுட்டுவதால் கடிகார நேரத்தோடு சேர்க்கப்படுகின்றன என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். வார இறுதிக்குப் பிரிட்டன் வழக்கில் 'அட்', அமெரிக்க வழக்கில் 'ஆன்' வரும். நம் பாடநூல்கள் பெரிதும் பிரிட்டன் வழக்கைப் பின்பற்றுவதால் தேர்வில் 'அட்' எழுதுவதே பாதுகாப்பு.

சென்ற, அடுத்த, இந்த, ஒவ்வொரு என்ற பொருள்தரும் சொற்களோடு காலம் வந்தாலும், நேற்று, இன்று, நாளை என்று வந்தாலும் முன்னிடைச்சொல்லே தேவையில்லை. தமிழிலும் 'சென்ற வாரம் வந்தார்' என்று உருபில்லாமல்தான் எழுதுகிறோம். ஆனால் கட்டுரை எழுதும்போது 'ஆன் லாஸ்ட் மண்டே' என்று பலர் எழுதிவிடுகிறார்கள். கிழமையைக் கண்டால் 'ஆன்' என்று பழகிய கை அப்படி எழுதுகிறது. அதற்கு முன்னால் 'லாஸ்ட்' இருக்கும்போது 'ஆன்' தவறு.

மூன்றாம் படி: இடத் தொடராக இருந்தால், 'இல்' என்பதை எடுத்துவிட்டு வேறு சொல் வைத்துப் பாருங்கள்

இடத்தைப் பொறுத்தவரை 'இல்' நமக்கு எந்தக் குறிப்பும் தராது. ஆகவே அதை நீக்கிவிட்டு அந்த இடத்தில் 'உள்ளே' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் 'இன்' எழுதலாம். நிற்காவிட்டால் 'மேல்' அல்லது 'ஒட்டி' என்று வைத்துப் பாருங்கள். அது பொருந்தினால் 'ஆன்'. இரண்டுமே பொருந்தவில்லை, அந்த இடத்தின் உள்ளும் புறமும் பேச்சே இல்லை, எங்கே என்ற கேள்விக்கு ஓர் அடையாளமாக மட்டும் அந்த இடம் சொல்லப்படுகிறது என்றால் 'அட்'.

'மேல்' என்று மட்டும் சொல்லாமல் 'ஒட்டி' என்றும் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. 'ஆன்' என்றால் மேலே என்று கற்றுக்கொண்ட மாணவர், உட்கூரையில் பல்லி இருப்பதற்கு என்ன எழுதுவது என்று திகைப்பார்; பல்லி கூரைக்குக் கீழே தலைகீழாக அல்லவா இருக்கிறது? ஆங்கிலத்தில் அது 'ஆன் த சீலிங்'தான். பரப்பைத் தொட்டுக்கொண்டிருப்பதுதான் முக்கியம். அது மேற்பரப்பா, பக்கவாட்டா, அடிப்பரப்பா என்பது முக்கியமில்லை. சுவரில் மாட்டிய படம், சட்டையில் ஒட்டிய கறை, விரலில் போட்ட மோதிரம் ஆகிய எல்லாவற்றிற்கும் 'ஆன்' வருவது இதனால்தான்.

பரப்போடு கோட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆறு, கடற்கரை, எல்லை, சாலை ஆகியவை நிலப்படத்தில் கோடுகளாகத் தெரிபவை. அவற்றை ஒட்டி அமைந்த ஊருக்கு 'ஆன்' வரும். மதுரை வைகைக் கரையில் இருக்கிறது, சென்னை சோழமண்டலக் கடற்கரையில் இருக்கிறது என்ற இரண்டு வாக்கியங்களிலும் 'ஆன்' எழுத வேண்டும். மதுரைக்கு 'இன் த வைகை' என்று எழுதினால் ஊர் ஆற்று நீருக்குள் கிடப்பதாகப் பொருள்படும். மீனுக்கு அது பொருந்தும், நகரத்திற்குப் பொருந்தாது.

இங்கே ஒரு கேள்வி எழும். விழுப்புரம் என்ற ஊருக்கு எது? 'ஊர் என்றால் இன்' என்ற விதி வகுப்பறைகளில் பரவலாகச் சொல்லப்படுகிறது; பெரிய இடத்திற்கு 'இன்', சிறிய இடத்திற்கு 'அட்' என்றும் சொல்லப்படுகிறது. இந்த விதியை நான் பரிந்துரைப்பதில்லை. கீழே உள்ள இரண்டு வாக்கியங்களும் ஒரே ஊரைப் பற்றியவை.

```
P. Veeramuthuvel grew up ___ Villupuram.
Our train stops ___ Villupuram.
```

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் வளர்ந்த ஊர் விழுப்புரம். ஒருவர் ஓர் ஊரில் வளர்ந்தார் என்றால் அதன் தெருக்களுக்கும் பள்ளிக்கும் நடுவே, அந்த ஊருக்குள் வாழ்ந்தார் என்று பொருள், எனவே 'இன்'. ரயில் நிற்கும் வாக்கியத்தில் விழுப்புரம் என்பது சென்னைக்கும் திருச்சிக்கும் இடைப்பட்ட பாதையில் ஒரு நிறுத்தம் மட்டுமே. ஊர் பெரிதா சிறிதா, அதற்குள் என்ன இருக்கிறது என்பதை அந்த வாக்கியம் நினைத்துப் பார்க்கவில்லை, எனவே 'அட்'. ஊர் மாறவில்லை, அளவும் மாறவில்லை. வாக்கியம் அந்த ஊரைப் பார்க்கும் விதம் மாறியிருக்கிறது. ஆகவே கோட்டிற்குப் பின்னால் வரும் பெயரை மட்டுமல்லாமல் முன்னால் வரும் வினைச்சொல்லையும் படிக்க வேண்டும். வளர்தல், வாழ்தல், பிறத்தல் என்பவை ஊரை உள்ளிடமாகப் பார்ப்பவை. நிற்றல், வண்டி மாறுதல், கடந்து செல்லும் வழியில் சந்தித்தல் என்பவை அதைப் புள்ளியாகப் பார்ப்பவை.

'அரைவ்' என்ற வினை இதே நியாயப்படி நடக்கிறது. நகரத்தையோ நாட்டையோ வந்தடைந்தால் 'அரைவ் இன்'. நிலையம், விமான நிலையம், அலுவலகம் போன்றவற்றை வந்தடைந்தால் 'அரைவ் அட்'. 'அரைவ் டு' என்பது கிடையாது. 'சென்னைக்கு வந்தார்' என்ற நம் வாக்கியத்திலுள்ள 'கு' உருபுதான் அதை நம் வாயில் வரவழைக்கிறது. அதே பொருளில் 'ரீச்' என்ற வினை வந்தால் எந்த முன்னிடைச்சொல்லும் கூடாது.

பள்ளி, மருத்துவமனை, திரையரங்கு போன்ற கட்டடங்களுக்கும் இந்தப் பார்வை வேறுபாடு பொருந்தும். 'அவள் பள்ளியில் இருக்கிறாள்' என்று தாய் சொல்வது, மகள் படிப்பு தொடர்பாக அங்கே போயிருக்கிறாள் என்பதைத்தான். அவள் வகுப்பறையில் இருக்கிறாளா, விளையாட்டுத் திடலில் இருக்கிறாளா என்பதை அல்ல. இதற்கு 'அட் ஸ்கூல்'. மழை பெய்தபோது எல்லோரும் பள்ளிக்குள் ஒதுங்கினார்கள் என்றால் சுவரும் கூரையும் முக்கியமாகின்றன; அங்கே 'இன் த ஸ்கூல்'. வினாத்தாளில் எது கேட்கப்படுகிறது என்பதை வாக்கியத்தின் மற்றப் பகுதியே காட்டிக்கொடுக்கும்.

வாகனங்களுக்கு மட்டும் 'உள்ளே' என்ற சோதனை உதவாது. பேருந்துக்குள்தானே உட்கார்கிறோம், ஏன் 'ஆன் த பஸ்' என்ற கேள்வி நியாயமானது. எழுந்து நின்று நடக்க இடமுள்ள பேருந்து, ரயில், கப்பல், விமானம் ஆகியவற்றிற்கு 'ஆன்'. குனிந்து ஏறி உட்கார்ந்தபடியே போகும் கார், ஆட்டோ ஆகியவற்றிற்கு 'இன்'. கால் போட்டு ஏறும் மிதிவண்டி, மோட்டார் சைக்கிள், குதிரைக்கு மறுபடியும் 'ஆன்'. நடைமுறையில் இந்தப் பிரிவு நன்றாகவே வேலை செய்கிறது. குடையைப் பேருந்துக்குள் மறந்து வைத்துவிட்டேன் என்பதுபோல் உட்புறத்தை வற்புறுத்தும்போது 'இன் த பஸ்' என்றும் எழுதுவார்கள். பயணம் செய்வதைச் சொல்லும் கேள்வியில் அப்படி எழுத வேண்டாம்.

முகவரிக்கு ஒரு சொல். கதவு எண் இருந்தால் 'அட்'. எண் இல்லாமல் தெருப் பெயர் மட்டும் இருந்தால் பிரிட்டன் வழக்கில் 'இன்', அமெரிக்க வழக்கில் 'ஆன்'. மாடிக்கு எப்போதும் 'ஆன்'; நகரத்திற்கு 'இன்'.

நான்காம் படி: இரண்டு விடை பொருந்தினால், வாக்கியத்தின் மறுபாதியைப் பாருங்கள்

சில தொடர்களில் இரண்டு முன்னிடைச்சொற்களும் இலக்கணப்படி சரியாகவே இருக்கும். ஆனால் பொருள் வேறாகிவிடும். 'டைம்' என்ற சொல்லின் முன் வரும் 'ஆன்', 'இன்' இரண்டும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

```
The train left ___ time, at exactly 6.10.
We got there just ___ time to catch it.
```

முதல் வாக்கியம் அட்டவணைப்படி நடந்ததைச் சொல்கிறது, 6.10 என்று குறித்திருந்தது, 6.10க்கே புறப்பட்டது. இதற்கு 'ஆன்'. இரண்டாவது வாக்கியத்தில் அட்டவணை பேச்சில்லை. காலம் கடந்துவிடுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம் என்பதே செய்தி. இதற்கு 'இன்'. 'இன் டைம்' என்ற தொடருக்குப் பின்னால் எதற்காக அந்த நேரத்திற்குள் வர வேண்டியிருந்தது என்பது பெரும்பாலும் சொல்லப்பட்டிருக்கும். மேலே ரயிலைப் பிடிப்பதற்கு என்று வந்திருப்பதைப் பாருங்கள். 'ஆன் டைம்' என்ற தொடருக்கு அப்படி ஒரு துணை தேவையில்லை.

'எண்ட்' என்ற சொல்லையும் இப்படியே அணுகலாம். 'அட் தி எண்ட்' என்பதற்குப் பின்னால் எதனுடைய இறுதி என்பது வரும்: படத்தின் இறுதியில், மாதத்தின் இறுதியில், தெருவின் முடிவில். 'இன் தி எண்ட்' தனியாகவே நின்று, பலவாறு இழுபட்டுக் கடைசியில் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லும். கோட்டை அடுத்து வரும் தொடரில் 'ஆஃப்' இருந்தால் ஏறத்தாழ எப்போதும் 'அட்' என்று எழுதலாம். மூலையைக் குறிக்கும் 'கார்னர்' என்ற சொல்லுக்கும், அறையின் மூலை என்றால் சுவர்கள் சூழ்ந்திருப்பதால் 'இன்', தெருமுனை என்றால் 'அட்' அல்லது 'ஆன்' என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பத்தியை முழுவதும் நிரப்பிப் பார்ப்போம்

பின்வரும் பத்தியில் பத்து இடங்கள் விடப்பட்டுள்ளன. மேலே படிக்காமல் முதலில் ஒரு தாளில் உங்கள் விடைகளை எழுதிக்கொள்ளுங்கள்.

```
Chandrayaan-3 was launched (1)___ 2.35 (2)___ the afternoon
(3)___ 14 July 2023. The launch centre is (4)___ Sriharikota,
an island (5)___ the coast of Andhra Pradesh. The spacecraft
entered lunar orbit (6)___ 5 August. (7)___ the evening of
23 August the lander touched down (8)___ the Moon. (9)___
that moment the scientists (10)___ Bengaluru cheered.
```

முதல் மூன்று இடங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தமிழில் 'ஜூலை 14 அன்று, பிற்பகலில், 2.35 மணிக்கு' என்று சொல்லிப் பார்த்தால் மூன்றும் தாமாகவே விழுந்துவிடும். ஆங்கிலத்தில் வரிசை தலைகீழாக இருப்பதால் முறையே 'அட்', 'இன்', 'ஆன்'. இரண்டாவது இடத்தில் மட்டும் ஐயம் எழக்கூடும்: தேதி பின்னால் இருக்கிறதே, 'ஆன்' வர வேண்டாமா? தேதிக்கெனத் தனியாக மூன்றாவது கோடு விடப்பட்டிருப்பதால் 'த ஆஃப்டர்நூன்' தன் தொடரை அங்கேயே முடித்துக்கொள்கிறது. ஏழாவது இடத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 'தி ஈவ்னிங்' என்பதும் தேதியும் 'ஆஃப்' என்ற சொல்லால் ஒரே தொடராகக் கட்டப்பட்டிருக்கின்றன; இரண்டிற்கும் சேர்த்து ஒரே கோடுதான் இருக்கிறது. 'ஆகஸ்ட் 23 அன்று மாலை' என்பதே பொருள், விடை 'ஆன்'. பத்து இடங்களில் மிகுதியானோர் தவறவிடுவது இந்த ஏழாவதைத்தான்.

நான்காவது இடத்திற்கு 'அட்' எழுதுவது சிறந்தது. ஏவுதளம் இருக்கும் இடத்தின் அடையாளமாகவே ஸ்ரீஹரிகோட்டா இங்கே சொல்லப்படுகிறது. 'இன் ஸ்ரீஹரிகோட்டா' என்றும் செய்தித்தாள்களில் காணலாம். அதைத் தவறென்று சொல்ல முடியாது. அதுவே தீவு என்ற சொல்லோடு சேர்த்து, அந்தத் தீவில் ஏவுதளம் அமைந்திருக்கிறது என்று எழுதினால் 'ஆன் தி ஐலண்ட்' என்று மாறிவிடும். தீவு நீர் சூழ்ந்த ஒரு நிலப்பரப்பாகப் பார்க்கப்படுகிறது. இலங்கையும் தீவுதான், ஆனால் நாட்டின் பெயரால் சொல்லும்போது 'இன் ஸ்ரீலங்கா' என்றே எழுத வேண்டும்.

ஐந்தாவது, கடற்கரை என்ற கோட்டை ஒட்டியிருப்பதால் 'ஆன்'. ஆறாவது தேதி என்பதால் 'ஆன்'. எட்டாவது இடத்தில் தரையிறங்கிய கலம் நிலவின் பரப்பைத் தொடுகிறது, 'ஆன்'. 'நிலவில்' என்ற தமிழ்ச் சொல்லை நம்பி 'இன்' எழுதினால் கலம் நிலவைத் துளைத்து உள்ளே போனதாகிவிடும். ஒன்பதாவது 'அந்தக் கணத்தில்': காலப் புள்ளி என்பதால் 'அட்'. பத்தாவது, நகரத்திற்குள் இருந்த விஞ்ஞானிகள் என்பதால் 'இன்'.

தவறுகளைத் திருத்தும் முறை

விடைகளைச் சரிபார்க்கும்போது தவறான இடத்தில் சரியான சொல்லை எழுதிவிட்டு மேலே போய்விடாதீர்கள். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் அது ஏன் நேர்ந்தது என்று ஒரு சொல்லால் குறியுங்கள். தொடரை முழுதும் படிக்காததால் வந்தது என்றால் 'பாதி' என்றும், தமிழ் 'இல்' இழுத்துச் சென்றது என்றால் 'இல்' என்றும், முன்னிருந்த வினையைப் பார்க்காததால் என்றால் 'வினை' என்றும், எந்த நியாயத்திற்கும் கட்டுப்படாத நிலையான தொடர் என்றால் 'வழக்கு' என்றும் எழுதலாம். நான்கைந்து பயிற்சிகளுக்குப் பிறகு எந்தச் சொல் அதிகம் வருகிறதோ அந்தப் படியில்தான் உங்கள் சிக்கல் இருக்கிறது. 'பாதி' என்று குறித்தவை மிகுதியாக இருப்பவருக்கு இன்னும் நூறு கேள்விகள் தேவையில்லை. கோட்டிற்குப் பிந்தைய தொடரைப் பென்சிலால் அடிக்கோடிட்டுவிட்டு விடை எழுதும் பழக்கம் ஒன்றே போதும்.

பயிற்சிக்கு வினா வங்கிகளைவிட ஆங்கிலச் செய்தித்தாள் நல்லது. ஒரு விபத்துச் செய்தியையோ விளையாட்டுச் செய்தியையோ எடுத்துக்கொள்ளுங்கள்; காலமும் இடமும் அவற்றில் வரிக்கு வரி இருக்கும். அதிலுள்ள மூன்று சொற்களையும் வேறொருவரைக் கொண்டு கருப்பு மையால் அழிக்கச் சொல்லி, ஒரு நாள் கழித்து நிரப்புங்கள். அச்சான விடையும் உங்கள் விடையும் வேறுபட்டால், உங்களுடையது உடனே தவறு என்று கொள்ள வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டாவைப் போல் இரண்டும் பொருந்தும் இடமா, பொருள் மாறிவிடும் இடமா என்று பார்த்து, பொருள் மாறினால் மட்டும் தவறென்று குறியுங்கள்.

'வழக்கு' என்று குறித்தவற்றை மட்டும் தனித் தாளில் சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். வீட்டில் இருப்பதற்கு 'அட் ஹோம்'. படுக்கையில் படுத்திருப்பதற்கு 'இன் பெட்', அதன் மேல் புத்தகம் கிடப்பதற்கு 'ஆன் த பெட்'. செய்தித்தாளில் வந்ததற்கு 'இன்', அதன் 5ஆம் பக்கத்தில் வந்ததற்கு 'ஆன்'. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்டதற்கு 'ஆன்'. இடப்பக்கம், வலப்பக்கம் என்பதற்கு 'ஆன்'. நோயாளியாகச் சேர்க்கப்பட்டவருக்கு 'இன் ஹாஸ்பிடல்', அவரைப் பார்க்கப் போனவர் இருக்கும் இடத்திற்கு 'அட் த ஹாஸ்பிடல்'. இந்தப் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டினால், நியாயத்தால் அறியக்கூடிய சிலவற்றையும் இதில் சேர்த்துவிட்டீர்கள் என்று பொருள். அவற்றை எடுத்து முந்தைய படிகளுக்குத் திருப்பி அனுப்புங்கள்.